கம்பம் முறிந்தால் உலகம் முடியுமா?

முதலில் ஒரு கதை. சின்னக் கதைதான்.

ஆஸ்திரேலியாவின் நட்டநடுப் பாலைவனம். அங்கே அருண்டா என்று ஆதிகுடி மக்கள் (இப்போதெல்லாம் 'அரெர்ன்டெ' என்று எழுதுகிறார்கள்). அவர்களில் அச்சில்பா என்று ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்திடம் ஒரு புனிதக் கம்பம் இருந்தது. நும்பகுலா என்ற தெய்வம் மரத்திலிருந்து அதைச் செய்து, அதன்மேல் ரத்தம் பூசி, அதிலேயே ஏறி வானத்துக்குள் மறைந்துபோனதாம். வானத்துக்கும் பூமிக்கும் அந்தக் கம்பம்தான் ஏணி. அது நிற்கிற இடம்தான் உலகத்தின் நடு மையம். அச்சில்பாக்கள் எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் நடப்பார்கள்.

ஒருநாள் கம்பம் முறிந்துவிட்டது.

அவ்வளவுதான். உலகமே இருண்டுபோச்சு அவர்களுக்கு. திக்குத் தெரியாமல் கொஞ்ச காலம் அலைந்தார்கள். கடைசியில் எல்லாருமாகத் தரையில் படுத்து, சாவு வரட்டும் என்று காத்துக் கிடந்தார்கள்.

எப்படி இருக்கிறது? படித்ததும் மனசை என்னவோ செய்கிறதில்லையா? இதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. மிர்ச்சா எலியாடே. ருமேனியாவில் பிறந்து, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மதங்களின் வரலாற்றைக் கற்றுக்கொடுத்தவர். 'புனிதமும் சாதாரணமும்' என்ற பொருளில் தலைப்பு வைத்து 1957-ல் அவர் எழுதிய ஒரு சின்னப் புத்தகம், உலகம் முழுக்கக் கல்லூரிகளில் பாடமாகவே ஆகிவிட்டது. அதில்தான் இந்தக் கதை வருகிறது. கற்பனைக் கதையாக அல்ல, ஸ்பென்சர், கில்லன் என்ற இரண்டு பேர் நேரில் விசாரித்து எழுதிய குறிப்பு என்று ஆதாரத்தோடு வருகிறது.

மனிதனுக்கு ஒரு புனித மையம் வேண்டும், அது இல்லாவிட்டால் வெறும் குழப்பம்தான், அந்த மையம் போனால் மனிதன் வாழவே மாட்டான் என்பது எலியாடேயின் வாதம். அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

ஆனால், அந்த ஆதாரப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தார் இன்னொருவர். அங்கேதான் விஷயம் தடம் மாறியது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். இந்த 'புனிதம் - சாதாரணம்' என்ற ஜோடியை ஆராய்ச்சி உலகத்தில் நிரந்தரமாக உட்கார வைத்தவர் எலியாடே இல்லை. எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சுக்காரர்.

துர்க்கைம் 1912-ல் ஒரு கனமான புத்தகம் போட்டார். மதம் என்றால் என்ன? கடவுள் நம்பிக்கை என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் கடவுளைப் பற்றிப் பேசாத பௌத்தத்தை என்ன செய்வது? அதனால் அவர் வேறு கோடு போட்டார். எல்லா மதங்களுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான். உலகத்தில் உள்ள அத்தனையையும் அவை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒரு பக்கம் விலக்கி வைக்கப்பட்ட, தொடக்கூடாத, காப்பாற்றப்படவேண்டிய பொருள்கள். மறுபக்கம் மற்றதெல்லாம். முதலாவது புனிதம். இரண்டாவது சாதாரணம்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் யோசிக்கும்போது புனிதத்துக்கு எதிர்ப்பதம் என்றால் சட்டென்று நம் வாயில் வருவது 'தீட்டு'. துர்க்கைம் சொன்ன 'ப்ரொஃபேன்' அது இல்லை. தீட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டதுதான், அதையும் தொடக்கூடாது. எனவே அவர் கணக்குப்படி தீட்டுகூடப் புனிதத்தின் பக்கத்தில்தான் வரும்; அதன் இருண்ட பாதி. 'ப்ரொஃபேன்' என்பது வெறும் அன்றாடம். அடுப்படி, சந்தை, வேலைவெட்டி. அந்த வார்த்தையின் லத்தீன் மூலத்துக்கு 'கோயிலுக்கு வெளியே, முன்னால் இருப்பது' என்றுதான் பொருள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தைக் குறிக்கிற சொல் அது. பின்னால் உதவும்.

தன் வாதத்துக்குத் துர்க்கைம் எடுத்துக்கொண்ட உதாரணமும் இதே அருண்டா மக்கள்தான். புத்தகமும் அதே ஸ்பென்சர் - கில்லன் புத்தகம்தான்! பால்ட்வின் ஸ்பென்சர் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர். ஃப்ராங்க் கில்லன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தந்தி ஆபீஸ் அதிகாரி. வருஷக்கணக்கில் அந்த மக்களோடு பழகியவர். 1896 செப்டம்பரிலிருந்து 1897 ஜனவரி வரை நடந்த ஒரு நீண்ட சடங்கு வரிசையை இருவரும் கூடவே இருந்து பார்த்தார்கள். 1899-ல் புத்தகம் வந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் அதை வைத்துக்கொண்டு ஆடின ஆட்டம் கொஞ்சமில்லை. மதத்தின் ஆரம்பமே அந்தப் பாலைவனத்தில் அப்படியே உறைந்து கிடக்கிறது என்று நினைத்தார்கள். அந்த நினைப்பே தப்பு என்பது வேறு கதை. அருண்டா மக்களுக்கும் நம்மைப் போலவே அத்தனை ஆயிரம் வருஷச் சரித்திரம் உண்டுதானே!

துர்க்கைமைக் கவர்ந்தது 'சுருங்கா' என்ற பொருள். நீள்வட்டமான கல் அல்லது மரத்துண்டு, அதன்மேல் செதுக்கிய கோடுகளும் வட்டங்களும். பெண்களும், தீட்சை பெறாத பையன்களும் அதைப் பார்க்கவே கூடாது. பாறை இடுக்கில் ஒளித்து வைத்திருப்பார்கள். அந்த இடத்தின் அக்கம்பக்கம்கூடப் புனிதம். துரத்தப்பட்டு ஓடிவந்தவன் அங்கே புகுந்துவிட்டால் அவனைத் தொடமாட்டார்கள். (இன்று ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களும் இந்தப் பொருள்களைப் பொதுப் பார்வைக்கு வைப்பதில்லை. அதனால் இதற்குமேல் வர்ணனை வேண்டாம்.)

துர்க்கைம் கேட்டார்: கல்லாகப் பார்த்தால் அது மற்ற கல்லைப் போல ஒரு கல். மரமாகப் பார்த்தால் மற்ற மரத்தைப் போல ஒரு மரம். பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் புனிதம்? அதன்மேல் இருக்கிற குலச்சின்னத்திலிருந்து. சின்னம் எங்கிருந்து வந்தது? கூட்டத்திலிருந்து. ஆக, தன்னைத்தானே கும்பிடுகிறது சமூகம். அதற்கு ஒரு கல் சாக்கு!

இதுவரை அபாரம். புனிதம் பொருளுக்குள் இல்லை, மேலே ஏற்றப்பட்டது என்று கண்டுபிடித்தாரே, அது இன்றும் நிற்கிறது. ஆனால் அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னார். புனிதத்துக்கும் சாதாரணத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் போல ஆழமான பள்ளம் மனித சிந்தனையிலேயே வேறு கிடையாது என்றார். நல்லது கெட்டதுகூட ஒரே இனத்தின் இரண்டு வகைதான், புனிதமும் சாதாரணமும் இரண்டு தனித்தனி உலகங்கள் என்றார். எங்கேயும், எப்போதும், எல்லாருக்கும்.

அந்த 'எல்லாருக்கும்'தான் பிரச்னை.

துர்க்கைமின் புத்தகம் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே, அதே பிரான்ஸில் ஆர்னால்ட் வான் ஜெனெப் என்பவர் இதற்கு மாறாக எழுதிவிட்டார். 1909-ல். பல்கலைக்கழகத்தில் பெரிய நாற்காலி எதுவும் வாய்க்காத மனிதர் அவர். பிறப்பு, பருவம், கல்யாணம், சாவு என்று மனிதன் வாசல் தாண்டுகிற சடங்குகளைப் பற்றிய புத்தகம். அதில் போகிற போக்கில் சொல்கிறார்: புனிதம் என்பது நிலையான ஒன்று அல்ல, சூழ்நிலைக்கேற்பச் சுழலும். ஒருவன் தன் வீட்டில், தன் ஆட்களோடு இருக்கும்போது சாதாரண மனிதன். அவனே பயணம் கிளம்பி அந்நிய ஊர் எல்லைக்குள் நுழைந்தால், அந்த ஊர்க்காரர்களுக்கு அவன் சாதாரணம் இல்லை. கிட்டே போக யோசிப்பார்கள், வரவேற்கத் தனிச் சடங்கு வைப்பார்கள். ஆள் அதே ஆள்தான். நிற்கிற இடம்தான் மாறியது.

நமக்கு இது புரிவதற்குப் பிரான்ஸ் போகவேண்டாம். கல்யாணத்தில் அம்மி மிதிக்கிறோமே! அன்றைக்கு அது மஞ்சள் பூசி, பொட்டு வைத்த கல். மறுநாள் அதே கல்லில் மிளகாய் அரைபடும். அப்போது யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. புஸ்தகத்தில் கால் பட்டால் பதறித் தொட்டுக் கும்பிடுகிறவர்கள், மஞ்சள் பூசிய அம்மியின்மேல் பெண்ணின் காலைத் தூக்கி வைப்பதையே சடங்காக வைத்திருக்கிறார்கள். துர்க்கைமின் அதலபாதாளம் இங்கே எங்கே இருக்கிறது? அம்மி தினமும் அதைத் தாண்டிப் போய்த் தாண்டி வருகிறது.

கிட்டத்தட்ட இதே காட்சியை ஆப்பிரிக்காவில் பார்த்தார் இவான்ஸ் ப்ரிட்சர்ட் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர். இப்போதைய தெற்கு சூடான் பகுதியில் அசாண்டே மக்கள். அவர்கள் வீட்டு முற்றத்தின் நடுவில் மூதாதையருக்கு ஒரு படையல் மேடை இருக்கும். படையல் நாளில் அது புனிதம். மற்ற நாளில்? ஈட்டியைச் சாய்த்து வைக்க வசதியான ஒரு முட்டு, அவ்வளவுதான்! இல்லாவிட்டால் அதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 1965-ல் அவர் இதை எழுதியபோது துர்க்கைமின் பெயரைச் சொல்லியே எழுதினார். எங்கேயோ உட்கார்ந்து போட்ட கோடு, ஈட்டி சாய்த்த இடத்தில் அழிந்துபோனது.

ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்தது அடுத்த அடி. ஸ்டேனர் என்ற மானுடவியலாளர், அந்த நாட்டின் வடக்கில் ஆதிகுடி மக்களோடு 1930-களிலிருந்து வேலை செய்தவர். 1967-ல் எழுதிய ஒரு கட்டுரையில் சொன்னார்: துர்க்கைமின் ஜோடியை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினால் அது வேலைக்கு ஆகவில்லை. புனிதமும் இல்லாமல், புனிதத்துக்கு எதிராகவும் இல்லாமல், சும்மா இருக்கிற விஷயங்கள் ஏராளம். இரண்டு பெட்டிதான் என்று அடம்பிடித்தால் பாதி வாழ்க்கை வெளியே விழுந்துவிடுகிறது.

இவையெல்லாம் பெட்டிகளின் அளவைப் பற்றிய சண்டை. ஆனால் பெட்டிக்குள் அடைப்பதற்காகவே மனிதர்களின் கதையை மாற்றினால்? அதுதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த கம்பத்தின் விவகாரம்.

ஜோனதன் ஸ்மித். இவரும் சிகாகோ பல்கலைக்கழகம். எலியாடேயின் சக பேராசிரியர், அவரிடம் பெரிய மதிப்பு வைத்திருந்தவர். எலியாடே 1986-ல் இறந்தார். அடுத்த வருஷம் ஸ்மித்தின் புத்தகம் வந்தது. சடங்கையும் இடத்தையும் பற்றிய புத்தகம். முதல் அத்தியாயத்திலேயே அச்சில்பா கம்பத்தை எடுத்துக்கொள்கிறார். அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலை. எலியாடே அடிக்குறிப்பில் கொடுத்திருந்த புத்தகத்தைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தார். நாம் யாராவது செய்கிறோமா!

அங்கே இருந்தது என்ன?

முதல் விஷயம், கம்பம் முறிந்தது ஸ்பென்சரோ கில்லனோ பார்த்த சம்பவம் இல்லை. ஏதோ ஒரு வருஷத்தில் ஏதோ ஒரு கூட்டத்துக்கு நடந்ததும் இல்லை. அது மூதாதையரைப் பற்றிய புராணக் கதை. அச்சில்பா என்றால் காட்டுப்பூனை. காட்டுப்பூனைக் குலத்தின் ஆதி மூதாதைகள் தேசம் முழுக்க நடந்துபோன கதை. போன இடத்திலெல்லாம் சடங்கு செய்வார்கள், பெயர் வைப்பார்கள், சில பேர் அங்கேயே தங்கிவிடுவார்கள். இடம் இடமாகப் பக்கக்கணக்கில் போகிறது. அதில் ஒரே ஒரு நிறுத்தத்தில் வருவதுதான் கம்பம் முறிகிற சேதி.

அங்கே கம்பத்தை ரொம்ப ஆழமாக நட்டுவிட்டார்களாம். கிளம்பும்போது ஒரு பெரியவர் பிடுங்கப் பார்த்தார். தரைமட்டத்துக்குச் சற்று மேலே 'படக்'கென்று முறிந்துவிட்டது. எல்லாருக்கும் வருத்தம். உலகம் முடிந்துவிட்டதா? இல்லை. முறிந்த துண்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார்கள்! அங்கே வேறு குலத்து ஆட்கள் இருந்தார்கள். அவர்களிடமும் கம்பங்கள் இருந்தன. இவர்களுடைய உடைந்த கம்பத்தைவிட நல்ல கம்பங்கள். நடந்து நடந்து இவர்களுக்கு உடம்பெல்லாம் அசதி. மனசிலும் தெம்பில்லை. உடம்பில் வண்ணம் பூசக்கூட முடியவில்லை. இந்த உடைசலை எங்கே நடுவது என்று நடாமலே விட்டுவிட்டார்கள். ஒன்றாகப் படுத்தார்கள், படுத்த இடத்திலேயே இறந்தார்கள். அந்த இடத்தில் பெரிய பெரிய கற்களோடு ஒரு குன்று எழும்பியது.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இந்தக் கம்பம்தான் உலகத்தின் ஒரே மையம் என்றால், பக்கத்துக் குலத்திடம் எப்படி இத்தனை கம்பங்கள்? ஒரு தேசத்தில் எத்தனை நடு மையம் இருக்கமுடியும்? மையம் முறிந்ததும் உலகம் குலைந்தது என்றால், எப்படி அடுத்த ஊர் வரை நடந்துபோனார்கள்? திக்குத் தெரியாமல் அலைந்ததாக எலியாடே சொல்கிறார். மூலத்திலோ அவர்கள் பெயருள்ள ஓர் இடத்திலிருந்து பெயருள்ள இன்னோர் இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். அவர்கள் இறந்ததாவது அதிசயமா? அதுவும் இல்லை. இந்தக் கதைகளில் மூதாதைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிவார்கள். நடந்து களைத்து, பூமிக்குள் போய், ஒரு பாறையாகவோ குன்றாகவோ மரமாகவோ நிற்பார்கள். அவர்களுடைய ஆவி அங்கேயே இருக்கும். பின்னால் பிறக்கிற குழந்தைகளாக வரும். அது முடிவு இல்லை, இருப்பதற்கு இன்னொரு வழி.

வானத்தில் ஏறிய நும்பகுலா? அதைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1899 புத்தகத்தில் அப்படி ஒரு தெய்வமே கிடையாது. 'தானாகவே இருப்பவர்கள்' என்கிற மாதிரி பொருள்படும் ஒரு சொல்தான் உண்டு. நும்பகுலா என்ற தனிப்பெரும் படைப்பாளி வருவது, கில்லன் இறந்து பல வருஷம் கழித்து ஸ்பென்சர் 1927-ல் வெளியிட்ட புத்தகத்தில்தான். அதற்குள் அந்தப் பக்கத்தில் லூத்தரன் மிஷன் வந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பைபிளின் சாயல் கதையில் கலந்திருக்கலாம் என்பது ஸ்மித்தின் சந்தேகம். அந்தக் கதையிலும்கூட, நும்பகுலா மேலே போனவர் கம்பத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். பின்னாலேயே ஏற முயன்ற முதல் மூதாதை ரத்தம் வழுக்கிக் கீழே வந்துவிடுகிறார். ஏணி இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் அதை எடுத்துவிட்டார்கள்!

எலியாடே செய்தது இதுதான். ஒரு புத்தகத்தின் தெய்வத்தையும் இன்னொரு புத்தகத்தின் முறிந்த கம்பத்தையும் ஒட்ட வைத்தார். புராணத்தை நடந்த சேதியாக்கினார். வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பழைய மேற்கு ஆசிய நாகரிகங்களின் கோயில்களிலும் கோபுரங்களிலும் 'உலகத்தின் நடு' என்ற எண்ணம் இருப்பதாக அவர் ஏற்கெனவே படித்திருந்தார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருண்டா பக்கம் திரும்பினார். கம்பம் தெரிந்தது, கூடவே மையமும் தெரிந்துவிட்டது. கோபுரமும் தலைநகரும் ராஜாவும் இருக்கிற நாட்டுக்கு மையம் தேவைப்படலாம். தண்ணீர் தேடி நடந்துகொண்டே இருக்கிறவர்களுக்கு எதற்கு மையம்? அவர்களுக்கு முக்கியம், தடம்.

அப்படியானால் அவர்களுக்கு எது புனிதம்? ஸ்மித் காட்டுகிற ஒரு விவரம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. கம்பம் முறிந்த இடத்தில், மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட அடித்துண்டு இருக்கிறதே... அது அங்கே உயரமான ஒரு கல்லாக நிற்கிறது என்று ஸ்பென்சரும் கில்லனும் எழுதியிருக்கிறார்கள். கதையில் பிழைபோல வருகிற சம்பவம், கைதவறி நடந்த ஒன்று, அதுவே அந்த இடத்தை இடமாக்கிவிட்டது. வானம் வந்து தொட்டதால் அல்ல. மூதாதை ஒருவர் அங்கே ஏதோ செய்தார், அதை இன்றைக்கும் யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதால்.

ஸ்மித் இதை இன்னும் பொதுவாகச் சொல்வார். எந்தப் பொருளும் தானாகவே புனிதமும் இல்லை, சாதாரணமும் இல்லை. ஓர் இடத்தில் வைத்து, 'இதைக் கவனி' என்று கோடு போடும்போது புனிதமாகிறது. சடங்கு என்பதே கவனிப்பதுதான். கோயிலுக்குள் இருக்கிற குடமும் வெளியே இருக்கிற குடமும் ஒரே குயவன் செய்ததாக இருக்கலாம். வாசல்படிதான் வித்தியாசம். லத்தீன் வார்த்தையை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, 'கோயிலுக்கு வெளியே' என்று... அந்தப் பழைய, எளிய பொருளுக்கே சுற்றி வந்துவிட்டோம்.

இதோடு ஸ்மித் ஜெயித்தார், எலியாடே தோற்றார் என்று ஸ்கோர் போட்டுவிடாதீர்கள். ஸ்மித்தும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்ப் பார்த்து எழுதியவர் அல்ல. லைப்ரரியில் உட்கார்ந்து சரிபார்த்தவர். சாம் கில் என்ற இன்னொரு அறிஞர் 1998-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதி, இந்தக் கதை கைமாறிய ஒவ்வொரு கட்டத்தையும் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனார். எலியாடேயைத் தாண்டி, ஸ்மித்தையும் விடாமல், ஸ்பென்சர் - கில்லன் வரை. கடைசியில் அவர்களும் கேட்டதை அப்படியே அச்சில் ஏற்றியவர்கள் இல்லை. வெட்டி, ஒட்டி, வரிசைப்படுத்தித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கதை சொன்ன அருண்டாப் பெரியவரின் குரல் எத்தனை சுவருக்கு அப்பால் இருக்கிறது, பாருங்கள்.

'சரிங்க, புரொபசர்கள் சண்டை. நமக்கென்ன?' என்று கேட்கலாம். அந்தக் கதையில் வருகிற மக்களின் வாரிசுகள் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்களே! கம்பம் முறிந்ததும் மொத்தக் கூட்டமும் செத்துப்போகும் என்று அரை நூற்றாண்டாகக் கல்லூரிகளில் படித்தது அவர்களுடைய முன்னோர்களைப் பற்றித்தான். 'பாவம், பழசு போனால் இவர்களால் வாழமுடியாது' என்ற இரக்கம் கேட்க நன்றாக இருக்கும். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவனுக்கு அதைவிட வசதியான இரக்கம் கிடையாது. அவர்களாகவே படுத்துச் செத்துவிடுகிறவர்கள் என்றால், யார் மேலும் பழி இல்லை பாருங்கள்!

'புனிதம்' என்ற வார்த்தை சட்டத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் வடக்குப் பிரதேச ஆதிகுடிகளின் நில உரிமைச் சட்டம் வந்தது 1976-ல். அதில் 'புனித இடம்' என்பதற்கு விளக்கம் எழுதவேண்டி வந்தது. ஆதிகுடிகளுக்குப் புனிதமான இடம், 'அல்லது' அவர்கள் மரபுப்படி வேறு வகையில் முக்கியமான இடம் என்று எழுதினார்கள். அந்த 'அல்லது' என்ற ஒற்றை வார்த்தையைக் கவனியுங்கள். புனிதம், சாதாரணம் என்று இரண்டே பெட்டி போதாது என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது. எந்தப் பெட்டியில் விழுகிறது என்று அதிகாரி முடிவு செய்யவேண்டாம். அவர்கள் மரபு என்ன சொல்கிறது என்று கேட்டால் போதும்.

அந்தக் கேள்வி ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே பலமாக எழுந்தது. ஊரின் நடுவில் ஓடுவது டாட் ஆறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான், வந்தால் வெள்ளமாக வரும். 1988-ல் அப்படி ஒரு வெள்ளம் வந்து உயிர்களையும் கொண்டுபோனது. அதனால் ஊருக்கு வடக்கே, ஜங்ஷன் வாட்டர்ஹோல் என்ற இடத்தில் வெள்ளத்தடுப்பு அணை கட்டத் திட்டமிட்டார்கள். கட்டினால் அரெர்ன்டெ மக்களின் புனிதத் தலங்கள் பாழாகும் என்று எதிர்ப்பு. அவற்றில் முக்கியமானவை பெண்களுக்கு உரியவை. அவற்றின் கதைகளை ஆண்களிடம் சொல்லக்கூடாது.

இப்போது சங்கடத்தைப் பாருங்கள். இடம் புனிதம் என்று நிரூபிக்கவேண்டும். நிரூபிக்க ரகசியத்தைச் சொல்லவேண்டும். சொன்னால் புனிதம் கெடும். எதிர்ப் பக்கத்தில் நிற்பவர்களும் வில்லன்கள் இல்லை. வெள்ளத்துக்குப் பயப்படுகிற ஊர்க்காரர்கள், அவர்களில் அரெர்ன்டெ மக்களும் உண்டு. அங்கே போய்ப் பார்த்தால் உலகத்தின் அச்சு எதுவும் நிற்கவில்லை. ஒரு நீர்க்குழி, சில பாறைகள், சில மரங்கள். எலியாடேயின் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் வந்தால் 'எங்கேம்மா உங்க கோயில்?' என்று கேட்டிருப்பார். அந்த இடமோ நெடுந்தூரம் போகிற மூதாதைத் தடங்களில் ஒரு கண்ணி. கண்ணியை எடுத்துவிட்டால் தடம் அறுந்துபோகும்.

ஹால் வூட்டன் என்ற ஓய்வுபெற்ற நீதிபதியை விசாரிக்கச் சொன்னார்கள். அவர் மரபுப்படி பொறுப்பாளிகளாக இருந்தவர்களிடம் போய், சொல்லக்கூடியதைக் கேட்டு, சொல்லக்கூடாததைச் சொல்ல வற்புறுத்தாமல் அறிக்கை கொடுத்தார். 1992 மே மாதம், மத்திய அமைச்சர் ராபர்ட் டிக்னர் அணைக்கு இருபது வருஷம் தடை போட்டார். ஊரில் நிறையப் பேருக்குக் கோபம்.

தடைக்காலம் 2012-ல் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் அணை இன்னும் எழவில்லை. டாட் ஆறு இப்போதும் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. எப்போதாவது ஒருமுறை கரை புரள ஓடுகிறது.